15 தலைப்பு, ஒரே பேச்சு

"சிறந்த டேங்க் கிளீனிங்." "தரமான டேங்க் கிளீனிங்." "நம்பகமான டேங்க் கிளீனிங்." மதுரையில் வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவித் தரும் ஒரு சிறு நிறுவனம் கூகுளில் விளம்பரம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விளம்பரக் கணக்கைத் திறந்து பார்த்தால் தலைப்புகளுக்கான பெட்டிகளில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருக்கும். எழுதியவர் நேரம் செலவழித்து 15 பெட்டிகளையும் நிரப்பியிருப்பார். ஆனால் வாசிப்பவருக்கு 15 முறையும் கேட்பது ஒரே பேச்சு: நாங்கள் நல்லவர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். எந்த நிறுவனமும் தன்னைக் கெட்டது என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதால், அந்தப் பேச்சில் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

விளம்பரத்துக்கு மாதம் மூவாயிரமோ ஐயாயிரமோ எடுத்துவைக்கும் சிறு நிறுவனங்கள் பணத்தை இழக்கும் இடங்களில் இது முக்கியமானது. காரணம் எளிமையான ஒரு கணக்கில் இருக்கிறது. அதற்கு முன், இந்த விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

கூகுள் தேடலில் எழுத்தாக வரும் விளம்பரத்துக்கு இப்போது ரெஸ்பான்சிவ் சர்ச் ஆட் என்று பெயர். அதில் நாம் முழு விளம்பரத்தை எழுதுவதில்லை. துண்டுகளை எழுதிக் கொடுக்கிறோம். தலைப்புகள் குறைந்தது 3, அதிகபட்சம் 15. ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குள். விளக்க வரிகள் குறைந்தது 2, அதிகபட்சம் 4. ஒவ்வொன்றும் 90 எழுத்துக்குள். ஒருவர் தேடும்போது இவற்றில் அதிகபட்சம் மூன்று தலைப்பையும் இரண்டு விளக்கத்தையும் எடுத்து, தானே வரிசைப்படுத்திக் கூகுள் காட்டுகிறது. சில நேரம் ஒரே தலைப்போடு நிறுத்திவிடும். எதை எடுப்பது, எதை முன்னால் வைப்பது என்ற முடிவை, தேடிய சொல்லையும் தேடுபவரின் சூழலையும் பார்த்து இயந்திரம் எடுக்கிறது.

முன்பு இப்படி இல்லை. 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் இந்தச் சேவை தொடங்கியபோது 25 எழுத்தில் ஒரு தலைப்பும் 35 எழுத்தில் இரண்டு வரிகளும்தான். நாம் எழுதியது எழுதியபடியே வரும். 2016-இல் தலைப்புகள் இரண்டாகி நீண்டன. 2018-இல் துண்டுகளைச் சேர்க்கும் முறை அறிமுகமானது. 2022 ஜூன் 30-க்குப் பிறகு பழைய வகையில் புது விளம்பரம் எழுதவே முடியாமல் போனது. அதாவது, இரண்டு முழு விளம்பரங்களை எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு எது ஜெயிக்கிறது என்று பார்க்கும் எளிய வழி கையைவிட்டுப் போனது. அந்த வழிக்குப் பெரிய வரலாறு உண்டு. அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் 1923-இல் எழுதிய புத்தகத்திலேயே, ஒவ்வொரு விளம்பரத்திலும் வெவ்வேறு குறியிட்ட கூப்பனை வைத்து, எத்தனை கூப்பன் திரும்பி வருகிறது என்று எண்ணும் முறை விரிவாக இருக்கிறது. எண்ணுவது இப்போதும் முடியும். ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதில் கவனம் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

இனி அந்தக் கணக்கு. 15 தலைப்பில் மூன்றை வரிசை மாற்றி வைத்தால் 2,730 விதம் கிடைக்கும். நான்கு விளக்கத்தில் இரண்டை வரிசை மாற்றி வைத்தால் 12. பெருக்கினால் 32,760 விளம்பரங்கள். நம் டேங்க் கிளீனிங் நிறுவனத்தின் விளம்பரம் மாதத்துக்கு 2,000 முறை திரையில் தோன்றுகிறது என்று கொள்வோம். எல்லாச் சேர்க்கையும் ஆளுக்கு ஒருமுறை தலைகாட்டவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பெரிய நிறுவனங்களுக்கு ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் காட்சிகள் உண்டு; அவர்களுக்கு இயந்திரம் கற்றுக்கொள்ளப் போதுமான தரவு கிடைக்கும். சிறிய கணக்கில் இயந்திரம் கற்றுக்கொள்கிறது என்பது பெரும்பாலும் நம்பிக்கைதான்.

இதைவிட முக்கியமான கணக்கு இன்னொன்று. ஒரு விளம்பரத்தை 100 பேர் பார்த்தால் 5 பேர் கிளிக் செய்கிறார்கள். இன்னொன்றுக்கு 6 பேர் கிளிக் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வித்தியாசம் உண்மையா, தற்செயலா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, புள்ளியியலில் வழக்கமாகக் கொள்ளும் அளவுகோல்படி, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் சுமார் 8,000 காட்சிகள் வேண்டும். அதுவே 5 பேருக்கு எதிரே 8 பேர் என்றால் சுமார் 1,000 காட்சிகள் போதும். மாதம் 2,000 காட்சி உள்ள நிறுவனம் இரண்டு விளம்பரங்களை ஒப்பிட்டால், முதல் கேள்விக்குப் பதில் கிடைக்க எட்டு மாதம் ஆகும். இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம்.

"சிறந்த" என்பதை "தரமான" என்று மாற்றினால் வரும் வித்தியாசம், வந்தாலும், 5-க்கும் 6-க்கும் இடையில்கூட இருக்காது. அதைச் சிறு நிறுவனத்தால் கண்டுபிடிக்கவே முடியாது. வேறுபாடு பெரிதாக வர வேண்டும் என்றால் வாசகரிடம் சொல்லும் விஷயமே மாற வேண்டும். சோதிக்க வேண்டியது சொல்லை அன்று, கோணத்தை என்று நான் சொல்வது இதனால்தான். காட்சிகள் குறைவாக உள்ளவருக்குப் பெரிய வித்தியாசங்களை மட்டுமே பார்க்கும் கண் இருக்கிறது. அந்தக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுத வேண்டும்.

கோணம் என்றால் என்ன? கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒருவரின் மனத்தில் இருக்கும் ஒரு சந்தேகத்துக்குச் சொல்லும் பதில். இரண்டு தலைப்புகள் ஒரே சந்தேகத்துக்குப் பதில் சொன்னால், சொற்கள் எவ்வளவு மாறியிருந்தாலும் அவை ஒரே கோணம். எந்தச் சந்தேகத்துக்கும் பதில் சொல்லாத தலைப்பு கோணமே இல்லாதது. "சிறந்த", "முன்னணி", "தரமான" எல்லாம் இந்த வகையில்தான் விழும்.

அந்தச் சந்தேகங்களை நாற்காலியில் உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டியதில்லை. நிறுவனத்தில் போனை எடுப்பவரிடம் கேட்டால் போதும். டேங்க் கிளீனிங் கேட்டு அழைப்பவர்கள் என்ன பேசுவார்கள்? "தம்பி, ஆயிரம் லிட்டர் டேங்குக்கு எவ்வளவு வாங்குவீங்க? வந்த பிறகு அதுக்கு இவ்வளவு இதுக்கு இவ்வளவுன்னு ஏத்த மாட்டீங்கள்ல?" என்று ஒரு பெரியவர். "காலைல ஆரம்பிச்சா எப்ப முடியும் அண்ணே? வீட்டுல குழந்தை இருக்கு, தண்ணி இல்லாம ரொம்ப நேரம் முடியாது" என்று ஒரு தாய். "நான் சென்னைல இருக்கேன், வீட்டுல அம்மா மட்டும்தான். அவங்களால மாடி ஏறிப் பார்க்க முடியாது. நல்லாக் கழுவினாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று வெளியூரில் இருக்கும் ஒரு மகன். குழாயில் வாடை அடிக்கிறது, என்ன காரணம் என்றே தெரியவில்லை என்று ஒருவர். எங்களது நாற்பது வீட்டு அபார்ட்மென்ட், சம்ப் பெரியது, செய்வீர்களா என்று சங்கச் செயலாளர். இந்த ஐந்து அழைப்பும் ஐந்து கோணங்கள்: விலையில் ஒளிவுமறைவு, நேரம், நம்பிக்கைக்குச் சான்று, அறிகுறி, யாருக்கான சேவை. விளம்பரக் கணக்கில் உள்ள தேடல் சொற்களின் அறிக்கையும், இந்தத் தொழிலில் பிறருக்கு மக்கள் எழுதியிருக்கும் குறைசொல்லும் விமர்சனங்களும் இன்னும் சிலவற்றைக் காட்டும். மூன்றாவது அழைப்பை நான் தனியாகக் குறித்துவைப்பேன். பணம் கொடுப்பவர் ஒருவர், வேலை நடக்கும் இடத்தில் இருப்பவர் இன்னொருவர் என்ற நிலை நம் ஊர்களில் சாதாரணம். ஆனால் விளம்பரங்களில் அதைப் பேசுபவர் குறைவு.

எல்லாக் கோணத்தையும் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டாம். மேலே சொன்ன காட்சி எண்ணிக்கைக்கு இரண்டுதான் தாங்கும். விலை ஒன்று, சான்று ஒன்று என்று எடுத்துக்கொள்வோம். இவை உண்மையிலேயே எதிரெதிரானவை. ஒன்று பணத்தைப் பற்றிய பயத்துக்குப் பேசுகிறது, மற்றது வேலையைப் பற்றிய பயத்துக்கு.

விலைக் கோணத்தின் தலைப்புகள் இப்படி இருக்கலாம்: "1000 லிட்டர் டேங்க் ₹700", "வந்த பின் கூடுதல் காசு இல்லை". சான்றுக் கோணத்துக்கு: "முன்பும் பின்பும் போட்டோ", "படம் பார்த்த பிறகு பணம்". கவனியுங்கள், இவற்றில் ஒன்றைக்கூட வேறு நிறுவனம் யோசிக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது; போட்டால் அதைச் செய்தாக வேண்டும். நல்ல கோணத்துக்கு இது ஒரு உரைகல். நிறுவனம் தன் நடைமுறையில் எதையும் மாற்றாமல் எழுதிவிடக்கூடிய வரி பெரும்பாலும் வெற்று வரியாகத்தான் இருக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். 30 எழுத்து என்று படித்துவிட்டு நம் கணக்கில் எண்ணினால் ஏமாந்துபோவோம். "மதுரையில் டேங்க் கிளீனிங்" என்பதில் நம் எண்ணிக்கைக்கு 12 எழுத்துகள். இரண்டு இடைவெளி சேர்த்தால் 14. ஆனால் கணினி பயன்படுத்தும் யூனிகோடு முறையில் ஒற்றைக் கொம்பு, கால், புள்ளி, சுழி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். "கி" என்றால் இரண்டு, "ங்" என்றால் இரண்டு. அப்படி எண்ணினால் அதே வரி 25. ஆகவே தமிழ்த் தலைப்பு என்பது உண்மையில் பதினைந்து பதினாறு எழுத்துக்குள் முடிய வேண்டிய சிறு வாக்கியம். யூனிகோடு கணக்கில் "வந்த பின் கூடுதல் காசு இல்லை" 28 வந்துவிடுகிறது. "கூடுதல் கட்டணம் எதுவும் வசூலிக்கப்பட மாட்டாது" என்ற அலுவலகத் தமிழ் உள்ளேயே நுழையாது. இந்த நெருக்கடி ஒருவகையில் நல்லது. பேச்சுத் தமிழுக்கு அருகில் எழுத வைக்கிறது. தலைப்பில் ஆச்சரியக்குறி போடக் கூகுள் விதி அனுமதிப்பதில்லை; விளம்பர வரிகளுக்குள் போன் நம்பரை எழுதவும் கூடாது. இரண்டும் நம் ஊர் நோட்டீஸ் பழக்கத்தில் கை தானாகப் போகும் இடங்கள்.

துண்டுகள் எப்படியும் கலைத்து அடுக்கப்படும் என்பதால், ஒவ்வொரு துண்டும் தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும். "அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை" என்று ஒரு தலைப்பை எழுதினால், எதற்கு மேல் என்று சொல்லும் இன்னொரு தலைப்பு முன்னால் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதேபோல் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் முட்டிக்கொள்ளும் வரிகளையும் தவிர்க்க வேண்டும். "1000 லிட்டர் டேங்க் ₹700" என்பதும் "விலை அளவைப் பொறுத்தது" என்பதும் தனித்தனியே சரிதான். ஒரே விளம்பரத்தில் சேர்ந்து வந்தால் வாசகர் இரண்டையும் நம்ப மாட்டார். எழுதி முடித்ததும் தலைப்புகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, கலைத்து, மூன்று மூன்றாக எடுத்து வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது இந்தத் தவறுகளைப் பிடிக்க நான் அறிந்த நல்ல வழி. மூன்று வரியும் சேர்ந்து ஒரே விஷயத்தை மூன்று முறை சொன்னாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது சோதனையை அமைப்பது. பலரும் செய்வது, விலைத் தலைப்புகளையும் சான்றுத் தலைப்புகளையும் ஒரே விளம்பரத்துக்குள் போட்டுவிட்டு, எது அதிகம் ஓடுகிறது என்று அறிக்கையில் பார்ப்பது. அது சோதனை ஆகாது. அந்த அறிக்கையில் ஒரு தலைப்புக்கு நேரே காட்டும் கிளிக், அந்தத் தலைப்பால் மட்டும் வந்ததில்லை. அப்போது திரையில் கூடவே இருந்த மற்றத் துண்டுகளுக்கும் அதே கிளிக் எழுதப்படுகிறது. மேலும் இயந்திரம் எல்லாத் தலைப்புக்கும் சம வாய்ப்புத் தருவதில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் நன்றாகப் போனதை மேலும் மேலும் காட்டும். 1,400 முறை காட்டப்பட்ட தலைப்புக்குப் பக்கத்தில் 40 முறை காட்டப்பட்ட ஒன்று இருந்தால், இரண்டாவது தோற்றது என்று பொருள் இல்லை. அது இன்னும் களத்தில் இறங்கவே இல்லை.

சரியான வழி, ஒரு கோணத்துக்கு ஒரு விளம்பரம் என்று முழுதாகப் பிரிப்பது. விலை விளம்பரத்தில் விலையைப் பேசும் தலைப்புகளும் விளக்கங்களும் மட்டும். சான்று விளம்பரத்தில் சான்றைப் பேசுபவை மட்டும். அப்போது உள்ளே எந்தச் சேர்க்கை வந்தாலும் கோணம் மாறாது. இயந்திரம் கலைத்து விளையாடட்டும், நம் கேள்வி கலையாது. இரண்டுக்கும் பொதுவாக "மதுரையில் டேங்க் கிளீனிங்" என்ற தலைப்பை வைத்து, அதை முதல் இடத்தில் பின் செய்துவிடலாம். பின் என்றால் இந்தத் துண்டு இந்த இடத்தில்தான் வர வேண்டும் என்று நாம் பூட்டிவைப்பது. தேடியவர் தான் கேட்டது இதுதான் என்று உடனே அறிய அது உதவும். இரண்டு விளம்பரத்திலும் ஒன்றாக இருப்பதால் ஒப்பீட்டையும் கெடுக்காது. கோணத்தைச் சொல்லும் தலைப்புகள் இரண்டு மூன்றை இரண்டாம் இடத்துக்குப் பின் செய்யலாம். ஒரே இடத்துக்குப் பல தலைப்புகளைப் பூட்டினால் அவற்றில் ஒன்று மாற்றி ஒன்று வரும். மூன்றாம் இடத்தை நம்ப வேண்டாம். மூன்றாவது தலைப்பும் இரண்டாவது விளக்கமும் எப்போதும் காட்டப்படும் என்பதற்கு உறுதி இல்லை என்று கூகுளே சொல்கிறது. கோணத்தின் உயிரான வரி அங்கே போய் உட்கார்ந்தால் பாதி நேரம் அது யார் கண்ணிலும் படாது.

விளக்க வரிகளில் 90 குறியீடு இருப்பதால் கொஞ்சம் மூச்சுவிடலாம். தலைப்பில் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல், அது எப்படி நடக்கும் என்று சொல்ல இதைப் பயன்படுத்த வேண்டும். சான்று விளம்பரத்துக்கு: "வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ வாட்ஸ்அப்பில் வரும். பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்." யூனிகோடு கணக்கில் 87. விலை விளம்பரத்துக்கு: "1000 லிட்டர் டேங்க் ₹700, சம்ப் அளவுக்கேற்ப. போனில் சொன்ன தொகைதான், அதற்கு மேல் இல்லை." இது 86. சென்னையில் இருக்கும் மகனுக்கு முதல் வரி நேராகப் போய்ச் சேரும். ஏமாந்த அனுபவம் உள்ள பெரியவருக்கு இரண்டாவது.

இப்படி எழுதும்போது கூகுள் திரையின் ஓரத்தில் ஆட் ஸ்ட்ரெங்த் என்று ஒரு அளவுகோல் "சுமார்" என்றோ "மோசம்" என்றோ காட்டும். தலைப்புகள் குறைவு, பின் போட்டிருக்கிறீர்கள் என்பதெல்லாம் அதற்குக் குறைகள். இதைப் பார்த்துப் பயந்துபோய்ப் பெட்டிகளை நிரப்பத் தொடங்குவதுதான் பெரும்பாலான கணக்குகளில் "சிறந்த", "தரமான" வரிசை பிறக்கும் இடம். அந்த அளவுகோல் விளம்பர ஏலத்தில் நேரடியாகச் சேர்க்கப்படுவதில்லை என்று கூகுளே விளக்கியிருக்கிறது. அது எழுதுபவருக்கான யோசனை மட்டுமே. விற்பனையை அளக்கும் கருவி கிடையாது. எட்டு நல்ல தலைப்புகள் இருந்தால் எட்டோடு நிறுத்துங்கள். நம் இணையதளத்திலிருந்து வரிகளை எடுத்துக் கூகுள் தானாகவே தலைப்பு உருவாக்கும் வசதி ஒன்றும் இருக்கிறது. சோதனை நடக்கும் காலத்தில் அதை அணைத்துவைக்க வேண்டும். இல்லையென்றால் விலை விளம்பரத்துக்குள் சான்று வரி நாம் அறியாமலே நுழைந்துவிடும்.

இரண்டு விளம்பரங்களையும் ஒரே ஆட் குரூப்பில் சும்மா விட்டால் கூகுள் சரிபாதியாகக் காட்டாது. தனக்குப் பிடித்ததைத் தூக்கிவிடும். எனவே எக்ஸ்பெரிமென்ட்ஸ் என்ற பகுதிக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் கேம்பெயினின் நகல் ஒன்றை உருவாக்கி, அதில் விளம்பரத்தை மட்டும் மாற்றி, பாதிக்குப் பாதி என்று பிரித்து ஓடவிட வேண்டும். ஏலத் தொகை, தேடல் சொற்கள், நேரம், ஊர் எதையும் அந்தக் காலத்தில் தொடக் கூடாது. இந்த மாதம் ஒரு கோணம், அடுத்த மாதம் இன்னொன்று என்று ஓட்டுவது வீண். பொங்கலுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும் மார்கழியும், லாரித் தண்ணீர் வாங்கும் சித்திரையும் இந்தத் தொழிலுக்கு ஒரே மாதிரி மாதங்கள் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும்.

இன்னொன்று, விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் போய்ச் சேரும் பக்கத்திலும் அந்தக் கோணம் இருக்க வேண்டும். போட்டோ அனுப்புவோம் என்று படித்து உள்ளே வந்தவர் அங்கே ஒரு போட்டோகூட இல்லாததைப் பார்த்தால் திரும்பிவிடுவார். நாம் கோணம் தோற்றது என்று தவறாக முடிவெடுப்போம். பக்கத்தின் மேல்பகுதியில் விலைப் பட்டியலும் முன்பின் படங்களும் இரண்டும் இருந்தால் இரண்டு விளம்பரத்துக்கும் அதே பக்கத்தைப் பயன்படுத்தலாம். எந்த விளம்பரத்திலிருந்து வந்தவர் பதிவு செய்தார் என்று அறிய, முகவரியின் கடைசியில் `?ad=vilai`, `?ad=photo` என்று வெவ்வேறு குறி வைத்து, பதிவுப் படிவத்தில் அது சேமிக்கப்படும்படி செய்துகொள்ள வேண்டும். ஹாப்கின்ஸ் காலத்துக் கூப்பன் குறியின் இன்றைய வடிவம் இதுதான்.

இரண்டு மாதம் ஓடிய பிறகு எண்கள் இப்படி வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. இரண்டு விளம்பரமும் தலா 2,000 முறை தோன்றின. விலை விளம்பரத்துக்கு 130 கிளிக், சான்று விளம்பரத்துக்கு 96. இதோடு நிறுத்தினால் விலைதான் ஜெயித்தது. கூகுளின் இயந்திரத்துக்கு நாம் வேறெதையும் சொல்லிக் கொடுக்காவிட்டால் அதுவும் கிளிக்கையே துரத்தும். ஆனால் பதிவுகளைப் பாருங்கள்: விலை விளம்பரத்திலிருந்து 9, சான்றிலிருந்து 17. ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் என்றால் முதலாவதில் ஒரு வாடிக்கையாளரைப் பெற 289 ரூபாய் ஆகியிருக்கிறது, இரண்டாவதில் 113.

ஏன் இப்படி ஆகும்? ₹700 என்ற எண்ணைப் பார்த்ததும் கை தானாகக் கிளிக் செய்கிறது. உள்ளே வந்த பிறகுதான் தன் வீட்டு சம்ப் ஐயாயிரம் லிட்டர், அதற்கு விலை வேறு என்று தெரிகிறது; சிலர் வெளியேறுகிறார்கள். விலையை ஒப்பிட மட்டுமே சுற்றிக்கொண்டிருப்பவர்களும் அந்த 130-இல் இருப்பார்கள். போட்டோவைப் பார்த்துக் கிளிக் செய்தவர் ஏற்கெனவே டேங்கைக் கழுவுவது என்று முடிவெடுத்தவர். யாரை நம்புவது என்பதுதான் அவருக்குப் பாக்கி. கோணம் மாறும்போது கிளிக்கின் எண்ணிக்கை மட்டும் மாறுவதில்லை, கிளிக் செய்யும் ஆளே மாறுகிறார். அதனால் கடைசிக் கணக்கைப் பதிவில்தான் பார்க்க வேண்டும்.

அவசரமும் வேண்டாம். கிளிக் செய்தவர்களில் பதிவு செய்தோர் விகிதத்தைப் பார்த்தால் 7 சதவீதத்துக்கும் 18 சதவீதத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் தற்செயலாக வருவது கடினம். ஆனால் மொத்தப் பதிவே 26தான். 9-க்கும் 17-க்கும் உள்ள இடைவெளி மட்டும் அப்படியொன்றும் உறுதியானது அன்று. நாணயத்தைச் சுண்டினாலே இப்படி விழ வாய்ப்பு இருக்கிறது. 10 சதவீதத்தையும் 20 சதவீதத்தையும் பிரித்தறிய ஒவ்வொரு பக்கமும் சுமார் 200 கிளிக் தேவை. ஆகவே இன்னும் ஒன்றிரண்டு மாதம் அப்படியே ஓடவிடுவேன். முதல் பத்து நாளில் ஒன்று முன்னே போகிறது என்று இன்னொன்றை நிறுத்துபவர்கள் சோதனை செய்வதில்லை. ஏற்கெனவே மனத்தில் இருந்த முடிவுக்குச் சாட்சி தேடுகிறார்கள்.

சான்று உறுதியாக ஜெயித்தால் அடுத்த வேலை அதன் சொற்களைச் சீவுவது கிடையாது. "போட்டோ", "புகைப்படம்", "படம்" என்று மாற்றிப் பார்ப்பதற்குத் தேவையான காட்சிகள் நம்மிடம் இல்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம். ஜெயித்ததை அப்படியே வைத்து, அதற்கு எதிரே மூன்றாவது கோணத்தை நிறுத்த வேண்டும். "2 மணி நேரத்தில் தண்ணீர் தயார்" என்ற நேரக் கோணமாக இருக்கலாம், "குழாய்த் தண்ணீரில் வாடையா?" என்ற அறிகுறிக் கோணமாக இருக்கலாம். அபார்ட்மென்ட் கோணத்தை மட்டும் இந்தப் போட்டியில் சேர்க்க மாட்டேன். அபார்ட்மென்ட் சம்ப் என்று தேடுபவர் வேறு ஆள். அவருக்குத் தனி ஆட் குரூப்பும் தனி விளம்பரமும் வேண்டும். ஒரே ஆளிடம் வெவ்வேறு பேச்சைப் பேசுவது கோணம். வெவ்வேறு ஆட்களிடம் பேசுவது வேறு கணக்கு. இரண்டையும் கலந்தால் எந்த எண்ணுக்கும் பொருள் இருக்காது.

தோற்ற கோணத்தையும் தூக்கி எறிய வேண்டாம். விலை தெரியாததால் போன் செய்யத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்த 130 கிளிக்குகள் காட்டிவிட்டன. டேங்க், சம்ப் அளவு வாரியாக விலைப் பட்டியலை இணையப் பக்கத்தில் மேலே கொண்டுவர அதுவே போதுமான காரணம்.

உங்களுக்கும் கூகுளில் விளம்பரம் ஓடுகிறது என்றால், இன்றைக்கு அந்தக் கணக்கைத் திறந்து தலைப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது வாடிக்கையாளரின் எந்தச் சந்தேகத்துக்குப் பதில் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாதவற்றை நீக்கிவிடுங்கள். பிறகு உங்கள் போனை எடுப்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த மாதம் அழைத்தவர்கள் கேட்டதை அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.